மாப்பிள்ளைக்கு லூசு ஜாஸ்தி

பிலிப்புக்கு மனுஷங்க மூஞ்சி ஞாபகம் இருக்காது. ஆளை அடையாளம் சொல்றதே ஒரு தினுசா இருக்கும். "அதான் காசிக்கா, வலது தோள் அரை இன்ச் இறங்கி இருக்குமே, அந்த வாத்தியாரு" என்பான். "முதுகு கூனி, பின்பக்கம் காலர் தூக்கும் பாரு, அவரு செத்துப்போயிட்டாராம்" என்பான். செத்தவர் பேரைக் கேட்டால் தெரியாது. கழுத்தளவு தெரியும்.

சங்கராபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் கடை. பிலிப்பு ஆம்பளை சட்டை தைக்கிறவன். அவன் பொண்டாட்டி எஸ்தர் ஜாக்கெட் வெட்டி தைக்கிறவள். நான் காசியம்மாள், பட்டன் கட்டி, கொக்கி வைத்து, அடி மடித்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பேன். கரும்பு வெட்டப் போன உடம்பு இது. இடுப்பு விட்டுப்போன பிறகு உட்கார்ந்து செய்கிற வேலை என்று இங்கே வந்தேன். உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிலிப்பின் தங்கச்சி கிரேஸ். கள்ளக்குறிச்சியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் சீட்டு போட்டுக் கொடுக்கிற வேலை. வயசு ஏறிக்கொண்டே போகிறது என்று அவங்க அம்மா சூசையம்மா தினமும் கடைக்கு வந்து அழுவார். கிரேஸ் அழமாட்டாள். வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் பிலிப்பு ஒவ்வொரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்துவிட்டான். ஒருத்தன் குடிக்கிறவன், சரி. இன்னொருத்தன் பேன்ட்டை வயிற்றுக்குக் கீழே கட்டுகிறவன், அதுவும் ஒரு காரணம்.

அன்றைக்கு சனிக்கிழமை சாயங்காலம். தரகர் பிச்சைமுத்து கிரேஸ் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினார். மாப்பிள்ளை பேரு பிரிட்டோ. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் மளிகைக் கடை, கொஞ்சம் மரவள்ளி நிலம். சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர். கிரேஸ் பஸ்ஸில் வரும்போதே அதைப் பார்த்துவிட்டாள். கடைக்குள் வந்ததும் போனை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள்.

சூசையம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எஸ்தர் கத்தரியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். நல்ல முகம். சிரிக்கும்போது கண்ணும் சேர்ந்து சிரிக்கிற முகம். பின்னால் ஒரு பெரிய அருவி கொட்டிக்கொண்டிருந்தது. ஆள் மேல் ஒரு சொட்டுத் தண்ணி படவில்லை. ஸ்டுடியோக்காரன் ஒட்டினது. சட்டை பஞ்சுமிட்டாய் ரோஸ்.

பிலிப்பு மெஷினை நிறுத்தாமலே கேட்டான். "மாப்ள எப்டி?"

"வந்து பாருண்ணா."

வந்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். போட்டோவை இரண்டு விரலால் பெரிசாக்கினான். முகத்தைத் தாண்டி நேராகத் தோளுக்குப் போனான்.

"ஷோல்டர் எறங்கியிருக்கு" என்றான்.

"அண்ணா, மூஞ்சியப் பாரு."

"மூஞ்சிய நீ பாத்துட்ட இல்ல? நான் சட்டையப் பாக்கறேன்." விரலை வைத்துக் காட்டினான். "கை வந்து உடம்போட சேர்ற தையல் எங்க நிக்கணும்? தோள் எலும்பு முடியற இடத்துல. இங்க பாரு. எலும்பத் தாண்டி கையில ரெண்டு வெரல் தொங்குது. ரெண்டு பக்கமும். அரைக்கை முழங்கையத் தொடுது."

"இப்ப ஓவர்சைஸ்தான் ஃபேஷன்" என்றாள் கிரேஸ்.

"ஓவர்சைஸ்னா எல்லா எடமும் லூசா இருக்கணும். மார்புல பாரு, துணி நிக்காம மேலேர்ந்து கீழ மடிப்பு மடிப்பா விழுது. அது லூசு. சரி. கீழ வா. வயித்துகிட்ட பட்டனப் பாரு."

பார்த்தோம். வயிற்றுமேல் ஒரு பட்டன் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றது. அதிலிருந்து ரெண்டு பக்கமும் கோடு கோடாகச் சுருக்கம் ஓடியது, பெருக்கல் குறி போட்ட மாதிரி. சட்டையின் முன்பக்க அடி, தொப்பை தூக்கித் தூக்கி, பக்கத்தை விட மேலே ஏறி இருந்தது.

"இது இழுவை" என்றான் பிலிப்பு. "மேல லூசு ஜாஸ்தி, கீழ கம்மி. ஒரே சட்ட. காலரப் பாரு, கழுத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு எலி போய் வரலாம்."

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். உடம்பு அளவுக்கு மேலே துணியில் விடுகிற இடத்துக்கு எங்கள் கடையில் லூசு என்றுதான் பேரு. மார்பு முப்பத்தெட்டு என்றால் முப்பத்தெட்டிலேயே வெட்டினால் ஆள் மூச்சுவிட முடியாது, கையைத் தூக்க முடியாது. அதனால் நாலு இன்ச்சோ அஞ்சு இன்ச்சோ லூசு விட்டு வெட்டணும். நாள் முழுக்க கடையில் இந்தப் பேச்சுதான். அவருக்கு லூசு போதாது, இவருக்கு லூசைக் குறை. கேட்டுக் கேட்டு எங்களுக்கு அதில் வேறு அர்த்தம் இருப்பதே மறந்துபோய்விட்டது.

எஸ்தர் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆளு எளைச்சுப் போயிருப்பாருங்க. தச்சப்ப உடம்பா இருந்திருப்பாரு" என்றாள்.

"எளைச்சவனுக்கு தோளும் கழுத்தும் எளைச்சு, வயிறு மட்டும் ஏறுமா?"

"வயித்துல கட்டியா?" என்று அலறினார் சூசையம்மா.

"ஐய, சும்மா இரும்மா."

கிரேஸ் விடவில்லை. "கையப் பின்னால கட்டிக்கினு நிக்கிறாரு. அதனால இழுக்குது."

அது நல்ல கேள்விதான். பிலிப்பு நிமிர்ந்து நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மார்பை நிமிர்த்தினான். "காசிக்கா, பாரு. சுருக்கம் எங்கேர்ந்து எங்க ஓடுது?"

"தோள்லேர்ந்து அக்குளுக்கு ஓடுது" என்றேன்.

"வயித்துப் பட்டன்ல?"

"ஒண்ணும் இல்ல."

"ஷோல்டர் தையல் எறங்குச்சா?"

"எங்க எறங்குது, அங்கயேதான் நிக்குது."

"ஆளு நிக்கிற நெலைக்கு சுருக்கம் மாறும். கையைத் தூக்குனா தையலும் ஏறும். கையக் கட்டிக்கினு நின்னா தையல் கீழ எறங்கி ரெண்டு வெரல் போகாது. இப்பச் சொல்லு." அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா ஜாக்கெட் வாங்க வந்தார். கையைப் பின்னால் கட்டி மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்ற பிலிப்பையும், அவனைச் சுற்றி நின்று முறைத்த நாங்கள் நாலு பேரையும் பார்த்துவிட்டு, அப்புறம் வரேன் என்று போய்விட்டார்.

"அப்ப இன்னாதான் சொல்ற?" என்றாள் கிரேஸ்.

பிலிப்பு போனை மேஜையில் குப்புறக் கவிழ்த்தான். "எரவல் சட்ட. தோளு அகலமா, இடுப்பு ஒட்டினாப்பல இருக்கற எவனோ ஒருத்தனுது. போட்டோவுக்குன்னு வாங்கிப் போட்டுக்கினு நின்னிருக்கான். சொந்தமா ஒரு சட்ட இல்லாதவன் சொந்தமா நெலம் இருக்குதுன்னு சொல்றான். நம்புறியா நீ?"

கிரேஸ் முகம் சுருங்கிப்போனது. நான் அவளை சின்னப் பொண்ணில் இருந்து பார்க்கிறேன். பிடிச்சிருக்கு என்று அவள் வாயால் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"அது மட்டும் இல்ல" என்று பிலிப்பு சூடாகிவிட்டான். "இத தச்சவன் எவன்? தோளுக்கு இந்த அகலம் வுட்டுட்டு இடுப்பப் போய் இப்டி புடிச்சிருக்கானே. கைக்குழி எவ்ளோ எறக்கம். என் கையில கெடைச்சான்னா அந்தக் கத்திரியப் புடுங்கி ரோட்ல போட்டுருவேன்."

"தச்சவன் மேல ஏன் கோவம்? எரவல் சட்டன்னா, அது யாருக்குத் தச்சதோ அவனுக்குச் சரியா இருக்கும் இல்ல?" என்றாள் எஸ்தர்.

"நீ சும்மா இரு" என்றான் பிலிப்பு.

திங்கட்கிழமைக்குள் விஷயம் கெட்டுப்போனது. கெடுத்தது சூசையம்மா. பாவம், அவர் நல்லதுக்குத்தான் போன் பண்ணினார். பிச்சைமுத்துவிடம், "எம்புள்ள போட்டோவ நல்லாப் பாத்தான்பா. மாப்பிள்ளைக்கு மேல லூசு ஜாஸ்தியாம், கீழ கம்மியாம்" என்று சொல்லியிருக்கிறார். பிச்சைமுத்து அதை அப்படியே மலைக்குப் போய்ச் சொல்லிவிட்டார்.

மத்தியானம் அவர் வண்டி எங்கள் கடை வாசலில் வந்து நின்ற சத்தத்திலேயே தெரிந்தது. ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"ஏம்பா பிலிப்பு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. ஒரு நல்ல குடும்பத்துப் புள்ளைய லூசுன்னு சொல்லுவியா?"

"நான் எப்பங்க சொன்னேன்?"

"உங்கம்மா சொன்னாங்க. மேல லூசாம். மண்டையத் தட்டிக் காட்டிக் கேக்குது மாப்பிள்ளையோட அம்மா, 'என் மவனுக்கு மேல லூசா? வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லு'ன்னு. கீழ கம்மின்னா இன்னா அர்த்தம்னு வேற கேட்டாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, வாயில் ஊசி இருந்ததால் தப்பித்தேன்.

பிலிப்பு விளக்கினான். சட்டையில் லூசு, ஆளில் லூசு இல்லை என்றான். எரவல் சட்டை என்று நினைத்ததையும் சொல்லிவிட்டான். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்ட மாதிரி ஆனது.

"எரவலா? அவங்க கோயில் பாட்டு கோஷ்டிக்கே சொந்தமாத் தச்ச சட்டப்பா அது! கோஷ்டியா எடுத்த போட்டோவத்தான் ஸ்டுடியோல குடுத்து, அவர மட்டும் வெட்டி, அருவியப் போட்டு, சட்டைக் கலரையும் ராசியா ரோஸா மாத்தச் சொன்னேன். முழுப் போட்டோ என்கிட்ட இருக்குது. இந்தா பாரு, கண்ணத் தொறந்து பாரு."

போனை நீட்டினார். கடையில் எல்லோரும் கூடிவிட்டோம். கிரேஸ் அன்றைக்கு லீவு போட்டிருந்தாள், அவளும் வந்தாள்.

கோயில் வாசப்படியில் பன்னிரண்டு ஆம்பளைகள் நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே துணி. சந்தனக் கலர், பாக்கெட் ஓரத்தில் காப்பிக்கொட்டைக் கலரில் ஒரு பட்டி. ரோஸ் பூசினதில் அது மறைந்துபோயிருந்தது.

அந்தப் பட்டியை பன்னிரண்டு பாக்கெட்டிலும் வைத்துத் தைத்தது பிலிப்பு. பன்னிரண்டு சட்டைக்கும் பட்டன் கட்டினது நான். போன ஈஸ்டருக்கு முன்னால் மலையிலிருந்து ஒரு சாக்கு மூட்டையில் அளவு சட்டைகள் வந்தன. அளவு சட்டை என்றால் தெரியுமே, ஆள் வர முடியாதபோது தனக்குச் சரியாக இருக்கிற பழைய சட்டையைக் கொடுத்தனுப்புவார்கள், அதை வைத்து டெய்லர் வெட்டுவார்.

"இது நம்ம கடை சட்ட இல்ல?" என்றாள் எஸ்தர். கேள்வி மாதிரி கேட்டாள். கேள்வி இல்லை.

பிலிப்பு கண்ணாடியைத் துடைத்தான். போட்டுக்கொண்டான். மறுபடி கழற்றித் துடைத்தான்.

"போட்டோவுல கோணல் மாணலா எடுத்திருக்கான்" என்றான்.

"மத்தவங்களுக்கு எல்லாம் நேராத்தான் எடுத்திருக்கான்" என்றாள் கிரேஸ். அவள் குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. "ஷோல்டர் பாரு. எல்லாருக்கும் எலும்பு மேலயே நிக்குது. இவருக்கு மட்டும்தான் எறங்கியிருக்கு. எரவல் இல்ல. அப்ப யாரோட தப்பு?"

எஸ்தர் போனை வாங்கினாள். ஒவ்வொரு ஆளாய் நகர்த்திப் பார்த்தாள். பின்வரிசையில் ஓரத்தில் ஒருத்தன் நின்றான், நல்ல எருமை மாதிரி வாட்டசாட்டமான பையன். அவனிடம் வந்து நிறுத்தினாள்.

"இந்தப் பையனப் பாருங்க" என்றாள். "ஷோல்டர் தையல் எலும்புக்கு உள்ள, கழுத்துப் பக்கம் ஏறி நிக்குது. மாருல அக்குளுக்கு அக்குள் குறுக்கால கோடு இழுக்குது. கையத் தொங்கவுட முடியாம மடக்கி வச்சிக்கினு நிக்கிறான், கொக்கு மாதிரி. ஆனா வயித்துகிட்டப் பாருங்க, துணி பூப்பூவா பொங்கிக்கினு கெடக்குது."

பிலிப்பு பார்த்தான்.

"அங்க இல்லாத எடம் இங்க ஜாஸ்தியா இருக்குது. இங்க இல்லாத எடம் அங்க ஜாஸ்தியா இருக்குது. அவரு தோள்ல தொங்கறது இவன் தோளுக்கு வேண்டியது. இவன் வயித்துல பொங்கறது அவரு வயித்துக்கு வேண்டியது. சட்ட ரெண்டும் மாறிப்போச்சுங்க."

பிச்சைமுத்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். "அட, இந்தப் பையன் பேரும் பிரிட்டோதான்" என்றார். "மலையில ரெண்டு பிரிட்டோ. மாப்பிள்ளைதான் பெரிய பிரிட்டோ, வயசுல பெரியவரு. அவன் சின்ன பிரிட்டோ. பிக்கப் வண்டி ஓட்டுறான்."

பிலிப்பு மெஷின்மேல் உட்கார்ந்துவிட்டான். ஸ்டூல் பக்கத்தில்தான் இருந்தது, அதில் உட்காரவில்லை.

எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. மூட்டையைப் பிரித்தபோது ரெண்டு அளவு சட்டையிலிருந்து சீட்டு கழன்று சாக்கு அடியில் கிடந்தது. ஒன்றில் பெரிய பிரிட்டோ. இன்னொன்றில் சின்ன பிரிட்டோ. மலைக்குப் போன் பண்ணிக் கேளுங்க என்று எஸ்தர் சொன்னாள். பிலிப்பு ரெண்டு சட்டையையும் தூக்கிப் பார்த்தான். "இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது? பெருசு பெரிய பிரிட்டோவுது. சிறுசு சின்ன பிரிட்டோவுது" என்று சீட்டைச் சட்டையில் குண்டூசியால் குத்திவிட்டான்.

"கத்திரியப் புடுங்கி ரோட்ல போடறேன்னு யாரோ சொன்னாங்களே" என்றாள் எஸ்தர்.

"காசிக்கா, டீ வாங்கியா" என்றான் பிலிப்பு.

சரி, தப்பு யாருடையது என்று தெரிந்துபோயிற்று. ஆனால் மலையில் அந்தம்மா கோபமாக இருக்கிறார். போனை எடுக்கவில்லை. பிச்சைமுத்து சொல்லியும் கேட்கவில்லை. "எம்மவன லூசுன்ன வூட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்" என்று ஒரே பிடி. கிரேஸ் மூணு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சூசையம்மா வந்து சொன்னார். அதைச் சொல்லிவிட்டு அவரும் சாப்பிடவில்லை. பிலிப்பு மெஷின் ஓட்டுவான், நிறுத்துவான், தங்கச்சி பக்கம் பார்ப்பான், ஓட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "கெளம்புங்க, மலைக்குப் போறோம்" என்றான். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். பஸ்ஸில் கழற்றவே இல்லை. கள்ளக்குறிச்சி போய் வெள்ளிமலை பஸ் பிடித்தோம். கொண்டை ஊசி வளைவில் சூசையம்மா ஜபம் சொல்லிக்கொண்டே வாந்தி எடுத்தார். என்னை எதற்குக் கூட்டிப்போனான் என்றால், பட்டன் கட்டுகிற ஆள் கூட இருந்தால் பழி கொஞ்சம் பிரியும் என்று நினைத்திருப்பான்.

மளிகைக் கடை வாசலிலேயே அந்தம்மா நின்றார். சுருக்கமாகச் சொன்னால், முறம் மாதிரி அகலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"யாரு லூசுன்னு சொன்னது?"

"நான்தாங்க. நான் சொன்னது சட்டையங்க."

"சட்டைக்கு எங்கனா பைத்தியம் புடிக்குமா?"

கடைக்குள்ளிருந்து பெரிய பிரிட்டோ வெளியே வந்தார். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், அதே சந்தனச் சட்டை. நேரில் பார்க்கும்போது இன்னும் மோசமாக இருந்தது. போட்டோவில் ரெண்டு விரல் இறங்கியிருந்த தோள் மூணு விரல் இறங்கியிருந்தது. துவைத்துத் துவைத்துத் துணி தளர்ந்திருந்தது. பிலிப்புக்கு முகத்தில் ரத்தமே இல்லை. தன் கைவேலையை இந்தக் கோலத்தில் பார்ப்போம் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

"உங்க பேரு பெரிய பிரிட்டோன்றதால வந்த வெனைங்க" என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னான். சாக்கு, சீட்டு, பெருசு, சிறுசு, எல்லாம். நடுவில் எஸ்தர் ரெண்டு இடத்தில் திருத்தினாள். கேட்கச் சொன்னேன், இவரு கேக்கல என்று.

சின்ன பிரிட்டோவுக்கு ஆள் போனது. பிக்கப் வண்டியிலிருந்து இறங்கி வந்தான், தோளில் அவன் சட்டை பிய்ந்து நூலாகத் தொங்கியது. "அண்ணே, இதப் போட்டுக்கினு கையத் தூக்கி ஆமென் சொல்ல முடியலண்ணே" என்றான். ரெண்டு பேரையும் கடைக்குப் பின்னால் அனுப்பினோம். சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

சின்ன பிரிட்டோ வந்து நின்றதும் அந்தம்மா கை தளர்ந்தது. தோள் தையல் எலும்புமேல் கோடு போட்ட மாதிரி நின்றது. இடுப்பு ஒட்டி இறங்கியது. சினிமாக்காரன் மாதிரி இருந்தான். பெரிய பிரிட்டோவுக்கும் தோள் சரியாய் வந்தது, பிய்ந்த நூல் தொங்கினாலும் இடம் சரி. காலர் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மார்பு மடிப்பெல்லாம் போய்விட்டது. ஆளே ஒரு சுற்று நிமிர்ந்துவிட்ட மாதிரி தெரிந்தது.

"அடப்பாவி" என்றார் அந்தம்மா, பிலிப்பைப் பார்த்து. ஆனால் சிரித்துக்கொண்டு.

கிரேஸ் நேராகப் பெரிய பிரிட்டோவிடமே கேட்டாள். "ஒரு வருஷமா இதப் போட்டுக்கினு இருந்தீங்களே, ஏங்க ஒண்ணுமே கேக்கல?"

அதுதான் எங்கள் எல்லோருக்கும் உள்ளே இருந்த கேள்வி. வழியெல்லாம் எஸ்தர், வாயில்லாத ஆளா இருந்தா நல்லதுதான், சண்டை வராது என்றாள். பிலிப்பு, தன் தோளுக்கே கேட்டு வாங்காதவன் பொண்டாட்டிக்கு இன்னா கேட்டு வாங்குவான் என்றான். கிரேஸ் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெரிய பிரிட்டோ கழுத்தைச் சொறிந்தார். "சீட்டுல பேரு கரெக்டா இருந்துச்சுங்க. கீழ டவுன்ல தைக்கிறவங்க, தெரிஞ்சுதானே தச்சிருப்பாங்க. நம்ம ஒடம்புதான் சட்டைக்குப் பத்தலன்னு நெனச்சேன்."

"அப்றம்?"

"தோள் கொஞ்சம் ரொம்பட்டும்னு தெனம் காலையில மரவள்ளி மூட்டையத் தலைக்கு மேல தூக்கிக்கினு இருந்தேன்."

"ரொம்புச்சா?"

"தோள் ரொம்பல. பசி எடுத்து ஜாஸ்தி சாப்ட்டேன். வயிறு ரொம்பிடுச்சு."

கிரேஸ் சிரித்தாள். சும்மா இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்ன பிரிட்டோ சிரித்தான், அந்தம்மா சிரித்தார். அந்த ஆளும் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார், கண்ணும் சேர்ந்து சிரித்தது. பிலிப்பு மட்டும் சிரிக்கவில்லை. அவன் அவருடைய வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு பட்டன் இன்னமும் லேசாக இழுத்துக்கொண்டு, ரெண்டு பக்கமும் சின்னதாக ஒரு சுருக்கம் போட்டிருந்தது.

"இது என் தப்பு இல்லங்க" என்றான் உடனே. "அளவு சட்ட குடுத்தப்ப இந்த வயிறு இல்ல. இது மூட்ட தூக்கனதுல வந்தது."

"ஆனா மூட்ட தூக்கவச்சது யாரு?" என்றார் அந்தம்மா.

பிலிப்பு கழுத்திலிருந்து டேப்பை எடுத்தான். "நில்லுங்க. ரெண்டு பேருக்கும் புதுசா தச்சுத் தரேன், கூலி வேணாம். இந்தத் தடவ சீட்டு கீட்டு இல்ல, ஆள அளந்து எடுத்துக்கினு போறேன்." பெரிய பிரிட்டோவை நிறுத்தினான். தோள் எலும்பைத் தொட்டுப் பார்த்து அளந்தான். மார்பு. கழுத்து. என்னை அளவு எழுதச் சொன்னான், நான் மெதுவாக எழுதினேன். வயிற்றைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தபோது அவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். ஆம்பளைகள் எல்லோரும் அங்கேதான் மூச்சை இழுப்பார்கள்.

"மூச்ச வுடுங்க" என்றான் பிலிப்பு. "நாப்பது. நாலு இன்ச் லூசு வுட்டு, நாப்பத்தி நாலு."

"நாப்பத்தி ஆறா வையுண்ணா" என்றாள் கிரேஸ்.

பிலிப்பு திரும்பிப் பார்த்தான். "வயித்துல ஆறு இன்ச்சா? துணி பை மாதிரி தொங்கும். வேணாம்."

"கல்யாணம் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சுப் பாரு, தொங்காது" என்றாள் அவள். "சமைக்கப் போறது நானில்ல?"

அந்தம்மா என் பக்கம் திரும்பி, "நல்லா சமைக்குமா பொண்ணு?" என்று மெல்லக் கேட்டார். சூசையம்மா வாசப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்திருந்தார். நான் தாளில் நாற்பத்தி நாலை அடித்துவிட்டு நாற்பத்தி ஆறு என்று எழுதினேன். பிலிப்பு என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "பேரையும் தெளிவா எழுது காசிக்கா" என்றான்.